ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

மார்கழி, தை மாதங்களின் கரண்ட் பில் வந்ததும் பல வீடுகளில் முதல் பழி கீசர்மேல் விழும். ‘மூவாயிரம் வாட், இழுக்காமல் என்ன செய்யும்?’ என்பார் ஒருவர். ‘ராடு போட்டுக் குளித்தால் பாதிதான் ஆகும்’ என்பார் இன்னொருவர். ‘ஐந்து நட்சத்திரம் போட்டது வாங்கியிருக்க வேண்டும்’ என்று மூன்றாமவர் முடிப்பார். மூன்றுமே தினமும் கேட்கிற பேச்சு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றுமே குறி தவறுகின்றன. வாளியில் இருக்கும் தண்ணீர் சூடாக எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைத் தண்ணீரின் இயல்பு தீர்மானிக்கிறது. அதைக் குறைக்க எந்தக் கம்பெனியின் கீசராலும் முடியாது. பணம் கூடுவதும் குறைவதும் வேறு இரண்டு இடங்களில்: சூடேறியும் உடம்பில் படாமல் போகும் தண்ணீர் ஒன்று, கீசரின் யூனிட்டுகள் உங்கள் பில்லில் எந்தப் படியில் போய் உட்காருகின்றன என்பது இன்னொன்று.

வாளியின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். உணவு அட்டவணைகளில் ‘கலோரி’ என்று போட்டிருப்பது இதே அளவுதான். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. இந்த இரண்டையும் சேர்த்தால் மனக்கணக்காகவே போடக்கூடிய ஒரு வாய்ப்பாடு கிடைக்கிறது. எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி உயர வேண்டும், இரண்டையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும்.

சென்னையில் டிசம்பர் மாதக் காலை. மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இதமாகக் குளிக்க 40 டிகிரி போதும்; 42-ஐத் தாண்டினால் பெரும்பாலோர் ‘அப்பா, கொதிக்கிறது’ என்று பச்சைத் தண்ணீரைத் திறப்பார்கள். வாளி 20 லிட்டர். உயர வேண்டியது 15 டிகிரி. இருபதைப் பதினைந்தால் பெருக்கினால் 300 கிலோகலோரி, அதாவது நாலைந்து இட்லியில் இருக்கும் சக்தி. 860-ஆல் வகுத்தால் 0.35 யூனிட். ஒரு யூனிட்டில் மூன்று வாளிக்குச் சற்றுக் குறைவாக வெந்நீர் கிடைக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 75 வாட் மின்விசிறியை நாலரை மணி நேரம் ஓட்டுவதற்கும், 9 வாட் எல்.இ.டி. பல்பை ஒன்றரை நாளுக்கு மேல் அணையாமல் எரிப்பதற்கும் தேவையான மின்சாரம் அது. தண்ணீரைச் சூடாக்குவது இயல்பிலேயே செலவு பிடிக்கும் வேலை. வீட்டில் எளிதாகக் கிடைக்கும் பொருட்களில் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை விழுங்குவது அரிது. சூடான பிறகு நெடுநேரம் ஆறாமல் இருப்பதும் அதே குணத்தால்தான்.

ஊரும் பருவமும் மாறினால் மாறுவது அந்த ‘எத்தனை டிகிரி’ மட்டும். ஊட்டியில் ஜனவரி அதிகாலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்றால், அதே வாளிக்கு 28 டிகிரி ஏற்ற வேண்டும், 0.65 யூனிட், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சென்னையில் மே மாத மாலையில் டேங்க் தண்ணீரே 40-ஐ நெருங்கி நிற்கும், செலவு பூஜ்யம். வாளியை விட்டு ஷவருக்கு மாறினால் மாறுவது ‘எத்தனை லிட்டர்’. நிமிடத்துக்கு எட்டு லிட்டர் கொட்டும் ஷவரில் ஆறேழு நிமிடம் நின்றால் 50 லிட்டர் போய்விடும். அதாவது இரண்டரை வாளி, 0.87 யூனிட். குளியலறையில் நடக்கும் எந்த மாற்றத்தையும்விட இந்த மாற்றம் பெரிது.

வாட் கூடினால் செலவு கூடுமா?

கூடாது. வாட் என்பது வேகம். 1,500 வாட் ராடை அந்த வாளிக்குள் தொங்கவிட்டால் 14 நிமிடத்தில் தண்ணீர் 40 டிகிரிக்கு வரும். ஆயிரம் வாட் ராடு 21 நிமிடம் எடுக்கும். மூவாயிரம் வாட் இன்ஸ்டன்ட் கீசர் ஏழு நிமிடத்தில் முடித்துவிடும். மூன்றிலும் மீட்டர் ஏறுவது அதே 0.35 யூனிட். மின்சாரத்தால் சூடாகும் கம்பி முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால், அது வாங்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகித் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை. அதனால்தான் ‘குறைந்த கரண்டில் அதிக வெந்நீர் தரும் காயில்’ என்ற விளம்பர வரிக்கு அர்த்தமே கிடையாது.

வோல்டேஜ் குறைந்த ஊர்களிலும் இதே நியாயம்தான். 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வோல்ட் வந்தால் இரண்டாயிரம் வாட் கீசர் ஆயிரத்து ஐந்நூறு வாட்டாகத்தான் வேலை செய்யும். தண்ணீர் சூடாக நேரம் அதிகமாகும், யூனிட் அதிகமாகாது.

வேகத்துக்கு விலை வேறு இடத்தில் இருக்கிறது. மூவாயிரம் வாட் என்றால் 13 ஆம்பியர். அதற்குப் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கேற்ற தடித்த வயரும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். 1,500 வாட் ராடுகூட ஆறரை ஆம்பியர் இழுக்கும். வீட்டில் விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் இருக்கும் சிறிய சாக்கெட் ஆறு ஆம்பியருக்கானது. ராடு பயன்படுத்தும் வீடுகளில் பிளக் கருகி, உருகி ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்த அரை ஆம்பியரும், நாளடைவில் தளர்ந்துபோகும் சாக்கெட்டும் சேர்ந்ததுதான். ராடு போட்ட வாளியில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே விரலை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மின்பலகையில் இருப்பது ராடுக்கும் கீசருக்கும் பொதுவான உயிர்க்காப்பு.

இன்ஸ்டன்ட் கீசருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. மூவாயிரம் வாட் என்பது நிமிடத்துக்கு 43 கிலோகலோரி. சென்னையின் 15 டிகிரி உயர்வுக்கு நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வரை தாங்கும். ஊட்டியின் 28 டிகிரிக்கு ஒன்றரை லிட்டர்தான். குழாயில் நூல் போல விழும். கொஞ்சம் வேகமாகத் திறந்தால் வெதுவெதுப்புத்தான் வரும். மலையூர்களில் டேங்க் வைத்த கீசர் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

டேங்கில் தங்கிவிடும் காசு

இப்போது டேங்க் கீசருக்கு வருவோம். 15 லிட்டர் கீசர், 2,000 வாட், தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் நிற்கிறது. 25 டிகிரித் தண்ணீர் 60-க்கு ஏற வேண்டியது 35 டிகிரி. பதினைந்து லிட்டருக்கு 0.61 யூனிட், சுமார் 18 நிமிடம். இண்டிகேட்டர் விளக்கு அணைந்துவிடும்.

அறுபது டிகிரித் தண்ணீரை யாரும் அப்படியே ஊற்றிக்கொள்வதில்லை. பச்சைத் தண்ணீர் சேர்த்து விளாவித்தான் குளிக்கிறோம். 40 டிகிரியில் ஒரு வாளி நிறைய, கீசரிலிருந்து எட்டரை லிட்டரும் பச்சைத் தண்ணீர் பதினொன்றரை லிட்டரும் போதும். அந்த எட்டரை லிட்டருக்குள் இருப்பது அதே 0.35 யூனிட். மீதி ஆறரை லிட்டர் கொதிநீர் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதற்குள் 0.26 யூனிட். ஒருவர் மட்டும் குளிக்கும் வீட்டில் இது அப்படியே நிற்கும். வெப்பம் டேங்கின் சுவர் வழியாகச் சிறுகச் சிறுகக் கசிந்து, அடுத்த நாள் காலைக்குள் பாதிக்கு மேல் போயிருக்கும். அடுத்தவர் பத்து நிமிடத்தில் குளிக்கப் போனால் அது வீணில்லை, அவர் வாளிக்கே போகிறது. ஆகவே எல்லோரும் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டுக்கும், ஆறு மணிக்கு ஒருவர், எட்டரைக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர் என்று குளிக்கும் வீட்டுக்கும் வாளி எண்ணிக்கை ஒன்றானாலும் பில் ஒன்றாக இருக்காது.

குழாயிலும் கொஞ்சம் தங்கும். கீசருக்கும் குழாய்க்கும் இடையே பத்து மீட்டர் அரை அங்குலக் குழாய் ஓடினால், அதற்குள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். குளித்து முடித்ததும் அது சுவருக்குள்ளேயே ஆறிவிடும். ஒவ்வொரு முறையும் 0.06 யூனிட் போகிறது. அடுத்து வருபவர் சூடு வரும்வரை திறந்துவிடும் தண்ணீரும் போகிறது. கீசரைக் குளியலறைக்குள்ளேயே, குழாய்க்குப் பக்கத்தில் மாட்டினால் இந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

சுவிட்சை அணைக்காமல் நாள் முழுக்கப் போட்டே வைத்தால் என்ன ஆகும்? டேங்க் ஆற ஆற தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி சூடாக்கும். ஓரளவு நல்ல பஞ்சுறை கொண்ட 15 லிட்டர் கீசரில் இந்தக் கசிவு ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேலே இருக்கும். பழைய கீசரில் இன்னும் கூடும். ‘போட்டுப் போட்டு அணைத்தால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்’ என்ற நம்பிக்கை தவறு. டேங்க் எவ்வளவு நேரம் சூடாக நிற்கிறதோ அவ்வளவு கசியும். ஆறிய டேங்கில் கசிவு குறையும். அணைத்து வைப்பது எப்போதும் மிச்சம்தான்.

நட்சத்திர முத்திரை இங்கேதான் வருகிறது. டேங்க் கீசருக்குத் தரப்படும் நட்சத்திரங்கள், சும்மா சூடாக நிற்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதைப் பார்த்துத் தரப்படுபவை. தண்ணீரைச் சூடாக்கும் திறனுக்கான மதிப்பெண் அல்ல அது. அந்தத் திறன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நாள் முழுக்கப் போட்டே வைக்கும் விடுதிக்கும், குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்கும் ஐந்து நட்சத்திரம் உண்மையான பணம். காலையில் அரை மணி நேரம் போட்டு அணைக்கிற வீட்டில் அதன் வித்தியாசம் மாதத்துக்கு ஒருசில யூனிட்டுகள்தான்.

அதே நூறு யூனிட், இரண்டு விலை

நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினம் நாலு வாளி, நாலும் காலையில். வாளிக்குள் போவது மட்டும் 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. டேங்கிலும் குழாயிலும் தங்கி ஆறுவது நாளுக்குக் கால் யூனிட் என்றால் அது ஒரு 15. மொத்தம் ஏறக்குறைய 100 யூனிட். இது எத்தனை ரூபாய்?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறகு மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளலாம், கணக்கின் போக்கு மாறாது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.70 ஆகும். 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8.40-லிருந்து தொடங்கும்.

விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் கீசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். ஆகவே கீசரின் யூனிட்டுகளை அவற்றின் தலைக்கு மேல் அடுக்கிப் பார்ப்பதுதான் சரி. கீசர் இல்லாமல் 250 யூனிட் ஓடும் வீட்டில், நூறு யூனிட் சேர்ந்தால் 350. எல்லாமே 4.70 படியில் விழும். கூடுதல் செலவு 470 ரூபாய். ஒரு வாளியில் இருக்கும் 0.35 யூனிட்டுக்கு ஒரு ரூபாய் அறுபத்தைந்து காசு.

கீசர் இல்லாமலே 420 ஓடும் வீட்டைப் பார்ப்போம். அவர்கள் பில் 1,301 ரூபாய். நூறு சேர்ந்து 520 ஆனால் பில் 2,208. கூடியது 907 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். அதே கீசர், அதே தண்ணீர், அதே நாலு பேர். வாளி வெந்நீரின் விலை மட்டும் மூன்று ரூபாயைத் தாண்டிவிட்டது. கீசரை அணைக்காமல் போட்டே வைத்து 125 யூனிட் இழுத்தால் கூடுதல் 1,117 ரூபாய்.

இனி அதே வீடு கீசரை 75 யூனிட்டுக்குள் நிறுத்தினால் மொத்தம் 495. பில் 1,773 ரூபாய் 50 காசு. 520-க்கும் 495-க்கும் இடையே இருப்பது வெறும் 25 யூனிட். அதன் விலை 434 ரூபாய். 500-ஐத் தாண்டிய 20 யூனிட்டுகள் தம் விலையோடு, கீழே இருந்த சலுகையான 235 ரூபாயையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. கீசர் சிக்கனத்தால் பலன் உண்டா என்று கேட்டால் பதில் வீட்டுக்கு வீடு வேறு: 250 ஓடும் வீட்டில் 25 யூனிட் மிச்சப்படுத்தினால் 118 ரூபாய், 500-இன் விளிம்பில் நிற்கும் வீட்டில் நானூற்றுச் சொச்சம். முதலில் பழைய பில்லை எடுத்து நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்ப்பது நல்லது.

இருபத்தைந்தைக் குறைப்பது எப்படி?

முதல் வழி, சுவிட்சை அணைக்கும் நேரம். நிறைந்த 15 லிட்டர் டேங்கில் 60 டிகிரித் தண்ணீர் இருந்தால், விளாவினால் 35 லிட்டர் குளிக்கும் தண்ணீர் கிடைக்கும். கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு. ஆகவே கடைசிக்கு முந்தையவர் குளிக்கப் போகும்போதே, இண்டிகேட்டர் விளக்கு அணைந்திருந்தால், சுவிட்சையும் அணைத்துவிடலாம். கடைசி இருவரும் டேங்கில் இருப்பதைக் காலி செய்வார்கள். ஆறிப்போக அங்கே எதுவும் மிச்சமிருக்காது. பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடைசி ஆள் குளித்துவிட்டு வந்து அணைப்பார். அதற்குள் டேங்கில் புகுந்த பச்சைத் தண்ணீர் மறுபடி சூடாகியிருக்கும், யாருக்கும் இல்லாமல். இதை மாற்றினால் இரண்டு மாதத்தில் பத்து யூனிட் அளவுக்கு மிஞ்சும்.

இரண்டாவது வழி, குளிக்கும் நேரம். காலையில் 25 டிகிரியில் இருக்கும் மொட்டைமாடி டேங்க் தண்ணீர், வெயில் அடித்த நாளின் மாலையில் 31 டிகிரி வரை வந்திருந்தால், ஏற்ற வேண்டியது 15 அல்ல, 9 டிகிரிதான். வாளிக்கு 0.35-க்குப் பதில் 0.21 யூனிட். நால்வரில் இருவர் மாலைக் குளியலுக்கு மாறினால் இரண்டு மாதத்தில் பதினாறு, பதினேழு யூனிட் குறையும். இரண்டு வழியும் சேர்ந்தால் நூறு, எழுபத்தைந்தை ஒட்டி வந்துவிடுகிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டை 60-லிருந்து 50-க்கு இறக்கினால் என்ன கிடைக்கும்? வாளிக்குள் போகும் வெப்பம் மாறாது. கொதிநீர் கொஞ்சம் அதிகமும் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் குறைவுமாக விளாவுவோம், அவ்வளவுதான். கசிவு மட்டும் குறையும். போட்டு அணைக்கும் வீட்டில் அது சொற்பம். நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே தண்ணீர் தேங்கி நிற்கும் டேங்கில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும் வாய்ப்பும் உண்டு. 60 டிகிரி அதைக் கொல்லும். ஆகவே 60-ஐ விட்டு இறக்குவதில் பெரிய லாபம் இல்லை. அதற்கு மேலே 70, 75 என்று ஏற்றி வைத்திருந்தால் இறக்குவது அவசியம்.

உப்புத் தண்ணீரும் சொட்டும் குழாயும்

போர்வெல் தண்ணீர் உள்ள பகுதிகளில் காயில்மேல் வெள்ளையாகக் கல் படியும். கல் படிந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று சர்வீஸ் ஆட்கள் சொல்வதுண்டு. காயில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. கல் வழியாகப் போனாலும் வெப்பம் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். யூனிட் பெரிதாக மாறாது. கெடுவது காயிலின் ஆயுள். கல் உறைக்குள் வெப்பம் தங்கி, கம்பி தாங்க முடியாத அளவுக்குச் சூடேறி ஒரு நாள் அறுந்துவிடும். அதற்கு முன்பே அடையாளம் தெரியும்: சூடாகும்போது டேங்குக்குள் பொரிவது போலச் சத்தம் வரும், முன்பு இரண்டு பேருக்கு வந்த வெந்நீர் இப்போது ஒன்றரைப் பேருக்குத்தான் வரும், ஏனென்றால் டேங்கின் அடியில் கல் இடம் பிடித்திருக்கிறது. 60 டிகிரிக்கு மேலே போகப் போகக் கல் படிவதும் வேகமாகும். தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைக்கக் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம். எஃகு டேங்கைத் துருவிலிருந்து காக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கோல் இருக்கும். டேங்குக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. சர்வீஸ் செய்யும்போது அது மிச்சமிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கீசருக்குக் கீழே உள்ள வால்வில் சூடாகும் நேரத்தில் சில சொட்டுகள் விழுந்தால் பயப்பட வேண்டாம். 25-லிருந்து 60-க்குச் சூடாகும்போது பதினைந்து லிட்டர் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு விரிகிறது. அந்த அழுத்தம் வெளியேற வேண்டும். அந்த வால்வை அடைத்துவிடுவதுதான் ஆபத்து. ஆனால் சூடேறி முடிந்த பிறகும், கீசர் போட்டிருக்கும் நேரமெல்லாம் வெந்நீர்க் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தால் அது காசு. ஒரு நாளில் பத்து லிட்டர் கொதிநீர் சொட்டினால் 0.4 யூனிட், பில் காலத்தில் 24 யூனிட். மேலே பாடுபட்டு மிச்சப்படுத்திய இருபத்தைந்தும் ஒரு வாஷரில் போய்விடும்.

மின்சாரத்தை விட்டால்

அடுப்பில் வைப்பது மலிவு என்ற எண்ணமும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒரு கிலோ சமையல் வாயுவில் சுமார் 11,000 கிலோகலோரி இருக்கிறது. ஆனால் அடுப்பின் சூட்டில் நாற்பது சதவிகிதம் பாத்திரத்தின் ஓரமாக மேலே போய்விடும். நம் வாளியின் 300 கிலோகலோரிக்கு 45 கிராம் வாயு தேவைப்படும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் வாளிக்கு 2 ரூபாய் 90 காசு. கேஸ் கீசரில் இழப்பு குறைவு. இரண்டு ரூபாய்க்குச் சற்று மேலே வரும். ஆகவே 4.70 படியில் இருக்கும் வீட்டுக்கு மின்சாரமே மலிவு. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு கேஸ் கீசர் லாபம். ஆனால் கேஸ் கீசர் எரியும்போது அறையின் ஆக்சிஜனைத் தின்று, போதிய காற்று இல்லாவிட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடும். ஜன்னல் மூடிய சிறு குளியலறையில் அது ஆளைக் கொல்லும். அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

வாளிக்குள் போகும் 0.35 யூனிட்டை மீட்டரிலிருந்து குறைத்துக் காட்ட இரண்டு கருவிகளால் முடியும். சோலார் ஹீட்டர் வெப்பத்தை வெயிலிலிருந்து எடுக்கிறது; ஹீட் பம்ப் சுற்றியுள்ள காற்றிலிருந்து இழுத்து, ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வெப்பம் அதேதான், அது மீட்டர் வழியாக வரவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் முதலீடு பெரிது. தினம் நாலு வாளி, அதுவும் வருடத்தில் நாலு மாதம் மட்டும் வெந்நீர் வேண்டும் வீட்டில் போட்ட காசு திரும்ப நெடுங்காலம் ஆகும். விடுதிக்கும் மலையூருக்கும் கணக்கு வேறு.

கடிகாரம் போதும்

உங்கள் கீசர் எப்படி இருக்கிறது என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்று இருக்கும். வீட்டில் வோல்டேஜ் சரியாக இருக்கும் ஒரு நாளில், குளிர்ந்த டேங்கோடு சுவிட்சைப் போட்டு, இண்டிகேட்டர் அணைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 15 லிட்டர், 2,000 வாட் கீசரில் 18 நிமிடத்தை ஒட்டி வந்தால் தெர்மோஸ்டாட் 60-ல் நிற்கிறது. 25 நிமிடத்தைத் தாண்டினால் அது 75 டிகிரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இறக்கி வைக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் அணைந்துவிட்டால் தெர்மோஸ்டாட் சூட்டைத் தவறாகப் படிக்கிறது, அல்லது டேங்கில் தண்ணீருக்குப் பதில் கல் இருக்கிறது.

அடுத்தது, வெளியூர் போகும் நாளுக்கு. கிளம்பும் முன் டேங்கை முழுதாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஒரு சொட்டும் திறக்காமல் போய்வாருங்கள். சரியாக ஒரு நாள் கழித்து சுவிட்சைப் போட்டு மறுபடி நிமிடத்தைப் பாருங்கள். இப்போது அது ஈடுகட்டுவது 24 மணி நேரத்தில் கசிந்த வெப்பத்தை மட்டும்தான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அணைந்தால் பஞ்சுறை நன்றாக இருக்கிறது. முழுசாகப் பதினெட்டு நிமிடம் எடுத்தால் டேங்க் அடியோடு ஆறிவிட்டது என்று பொருள். அந்தக் கீசரை நாள் முழுக்கப் போட்டு வைப்பவர்கள் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். காலையில் அரை மணி நேரம் போட்டு, கடைசிக்கு முந்தையவர் குளிக்கப் போகும்போது அணைத்துவிடும் வீட்டில் அதே கீசரை இன்னும் சில வருடம் ஓட்டலாம்.